வேலை வேண்டாம், பெயர் இருக்கட்டும்

பட்டறையில் ஆர்டர் இல்லாத மாதங்களில் ஒரு என்கொயரியும் வராது. கை நிறைய வேலை இருக்கும்போதுதான் பெரிய கம்பெனியிலிருந்து டெண்டர் அழைப்பு வந்து நிற்கும். சிறு தொழில் நடத்துகிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். எடுத்தால் தேதி தவறும். எடுக்காவிட்டால் அடுத்த முறை கூப்பிடாமல் போய்விடுவார்களோ என்ற பயம். இந்த இடத்தில் பலர் செய்வது இரண்டில் ஒன்று: பதிலே போடாமல் இருந்துவிடுவார்கள், அல்லது கிடைக்கவே கூடாது என்று ஏகத்துக்கும் விலை ஏற்றிப் போட்டு அனுப்புவார்கள். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அரைப் பக்கத்தில் ஒரு கடிதம். தொழில் வட்டாரத்தில் அதற்கு ‘ரிக்ரெட் லெட்டர்’ என்று பெயர். இந்த டெண்டருக்கு விலை கொடுக்கவில்லை, ஆனால் உங்கள் பட்டியலில் எங்கள் பெயர் தொடரட்டும் என்று சொல்லும் கடிதம்.

பட்டியல் என்று ஒன்று ஏன் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். எல்லோருக்கும் அறிவிக்கிற திறந்த டெண்டரில் யாரும் யாரையும் தனியாக அழைப்பதில்லை. ஆனால் சிறிய, நடுத்தரக் கொள்முதல்களுக்கு ‘லிமிடெட் டெண்டர்’ என்ற முறை உண்டு. ஏற்கெனவே பதிவு செய்து, தகுதி பார்த்து வைத்திருக்கும் நிறுவனங்களில் சிலருக்கு மட்டும் அழைப்புப் போகும். மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017, இப்படி அழைக்கும்போது மூன்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களை அழைக்க வேண்டும் என்கின்றன. பதிவும் நிரந்தரமானதல்ல. அதே விதிகளின்படி அது ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். இதற்குமேல் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று விதி வைத்திருக்கும். தொடர்ந்து சில அழைப்புகளுக்குப் பதிலே இல்லையென்றால் பெயரை எடுத்துவிடலாம் என்பது பல இடங்களில் பதிவு நிபந்தனைகளிலேயே இருக்கும், பொடி எழுத்தில்.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. அமெரிக்க மத்திய அரசின் கொள்முதல் விதிகளில் 1995-ஆம் ஆண்டு தேதியிட்ட ஒரு பிரிவு இருந்தது. விலை கொடுக்க விரும்பாதவர்கள் டெண்டர் கட்டைத் திருப்பி அனுப்ப வேண்டாம். இதே மாதிரியான பொருள்களுக்கு இனியும் அழைப்பு வேண்டுமா என்பதை மட்டும் ஒரு கடிதத்திலோ தபால் அட்டையிலோ மின்வழியிலோ தெரிவித்தால் போதும். விலையும் இல்லை, தகவலும் இல்லை என்றால் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படலாம். அது சொன்னது அவ்வளவுதான். ஒரு தபால் அட்டை அளவுக்குத்தான் எதிர்பார்த்தார்கள்.

வாங்குகிறவர் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இந்தக் கடிதத்தின் மதிப்பு புரியும். ஆறு நிறுவனங்களுக்கு அழைப்பு அனுப்பினார்கள். இரண்டு விலை வந்தது. மற்ற நாலு பேரிடமிருந்தும் சத்தமில்லை. இப்போது கொள்முதல் அதிகாரி கோப்பில் என்ன எழுதுவார்? அழைப்பு போய்ச் சேரவில்லையா, அவகாசம் போதவில்லையா, குறிப்பிட்ட ஒருவருக்காக வரையறைகளை இறுக்கிவிட்டார்களா என்று தணிக்கையில் கேட்டால் அவரிடம் பதில் இல்லை. அந்த நாலில் இரண்டு பேர் ‘இப்போது இடமில்லை’ என்று எழுதியிருந்தால், அழைப்பு சேர்ந்தது, படித்துப் பார்த்தார்கள், காரணத்தோடு விலகினார்கள் என்று பதிவாகும். ஒரே ஒரு விலை வந்தாலும், நன்றாக அறிவித்து, போதிய அவகாசம் கொடுத்து, தகுதி நிபந்தனைகள் அளவோடு இருந்து, விலையும் நியாயமாக இருந்தால் அந்த டெண்டர் செல்லும் என்று மேற்சொன்ன விதிகளே சொல்கின்றன. அதை நிறுவ அதிகாரிக்கு ஆதாரம் வேண்டும். உங்கள் ரிக்ரெட் லெட்டர் அவருக்கு ஓர் ஆதாரம். அதனால்தான் பேசாமல் இருக்கிறவனைவிட மறுத்து எழுதுகிறவனை அவர்களுக்குப் பிடிக்கும்.

இனி அந்த இரண்டாவது பழக்கம். கிடைக்காத மாதிரி விலை போட்டு அனுப்புவது. அதிகம் பேர் நம்புகிற தந்திரம் இதுதான் என்பதால், இது எங்கே கொண்டுபோய் விட்டது என்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரிட்டனில் கட்டுமானத் துறையில் இது பல காலமாக நடந்துவந்தது. அங்கே இதற்குப் பெயர் ‘கவர் பிரைஸ்’. வேலை வேண்டாதவர், அதே டெண்டரில் உண்மையாகவே போட்டியிடும் இன்னொரு ஒப்பந்தக்காரருக்குப் போன் போடுவார். அவர் தன் விலையைவிடத் தாராளமாக உயர்ந்த ஓர் எண்ணைச் சொல்வார். கேட்டவர் அதையே தன் விலையாகப் போட்டு அனுப்பிவிடுவார். கணக்குப் போடுகிற வேலை மிச்சம். தவறி வேலை கிடைத்துவிடும் ஆபத்தும் இல்லை. பட்டியலில் பெயரும் நிற்கும். பணம் திருடவில்லையே, மரியாதைக்காக ஒரு விலை கொடுத்தோம், அவ்வளவுதானே என்றுதான் பலரும் நினைத்தார்கள். மறுத்தால் அடுத்த முறை அழைக்கமாட்டார்கள் என்ற பயம்தான் இந்தப் பழக்கத்துக்கு வேர்.

வாங்குகிறவர் இடத்தில் நின்று பாருங்கள். ஒரு பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ ஐந்து உறைகளைப் பிரித்துப் பார்த்து, ஐந்து பேர் போட்டியிட்டார்கள், இதுதான் குறைந்த விலை என்று நம்புகிறது. உண்மையில் இரண்டு உறைகள் வெறும் நடிப்பு. ஜெயித்தவருக்கோ தன்னோடு எத்தனை பேர் நிஜமாகப் போட்டியிடுகிறார்கள் என்பது முன்பே தெரியும். விலையைக் குறைக்க அவருக்கு என்ன அவசரம்?

2009 செப்டம்பரில் பிரிட்டனின் போட்டிக் கண்காணிப்பு அமைப்பு, அன்றைய ஆபீஸ் ஆஃப் ஃபேர் டிரேடிங், 103 கட்டுமான நிறுவனங்களுக்கு மொத்தமாக ஏறக்குறைய 13 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. 2000-க்கும் 2006-க்கும் இடையே நடந்த 199 டெண்டர்கள் அந்த உத்தரவில் வந்தன. பெரும்பாலானவை கவர் பிரைஸ். சிலவற்றில் ஜெயித்தவர் தோற்றவருக்குப் பணம் கொடுத்ததும் இருந்தது. மேல்முறையீட்டில் 2011-இல் பல நிறுவனங்களின் அபராதம் பெரிதும் குறைக்கப்பட்டது. கீர் என்ற பெரிய நிறுவனத்துக்கு 1.79 கோடி பவுண்டாக இருந்தது 17 லட்சம் பவுண்டாக இறங்கியது. அப்போதும் குற்றம் குற்றமாகவே நின்றது. ஒரு கடிதம் எழுதச் சங்கடப்பட்டதற்கு 17 லட்சம் பவுண்டு கொஞ்சம் அதிகம்தான்.

இந்தியாவில் 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் இதையே டெண்டரில் கூட்டுச் சேர்வது என்று தடை செய்கிறது. கார்ட்டல் என்று நிரூபணமானால் அது நடந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் லாபத்தின் மூன்று மடங்கு வரை, அல்லது விற்றுவரவில் 10 சதவீதம் வரை, இதில் எது அதிகமோ அது வரை அபராதம் போகலாம். யாரிடமும் கேட்காமல், நீங்களாகவே விலையை ஏற்றிப் போட்டால் அது கூட்டுச்சதி ஆகாது. ஆனால் புத்திசாலித்தனமும் ஆகாது. மற்றவர்கள் தொழில்நுட்பத் தகுதியில் அடிபட்டுப் போனால், வேண்டாத வேலை உங்கள் தலையில் வந்து விழும். விலகினால் முன்வைப்புத் தொகை போகும். அதற்குப் பதிலாக உறுதிமொழி கொடுத்திருந்தால் குறிப்பிட்ட காலத்துக்கு டெண்டரில் கலந்துகொள்ள முடியாமல் நிறுத்திவைப்பார்கள். இவை எதுவும் நடக்காவிட்டாலும், இந்த நிறுவனத்தின் விலை எப்போதும் மதிப்பீட்டுக்கு எங்கேயோ மேலே இருக்கிறது என்று கோப்பில் ஏறிவிடும்.

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். திருச்சி துவாக்குடிப் பக்கம் கொதிகலன் பாகங்கள் செய்து கொடுக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் வரிசையாக உண்டு. அப்படி ஒரு பட்டறை. வாரத்துக்கு 6 டன் வேலை முடிக்கும். கையில் 54 டன் இருக்கிறது, அதாவது ஒன்பது வாரத்துக்கான வேலை. அப்போது ஒரு பொதுத்துறை நிறுவனத்திலிருந்து என்கொயரி வருகிறது: டக்ட் பேனல் 36 டன், ஆர்டர் வந்ததிலிருந்து பத்து வாரத்தில் முடிக்க வேண்டும். விலை கொடுக்கக் கடைசி நாள் 18-ஆம் தேதி, பிற்பகல் 2 மணி. பட்டறையின் கணிப்பில் மதிப்பு சுமார் 40 லட்சம் ரூபாய்.

கணக்கு எளிது. கையில் இருப்பதை முடித்துவிட்டுப் பத்தாவது வாரம் தொடங்கினால், 36 டன்னுக்கு ஆறு வாரம். பதினைந்தாவது வாரம் முடியும். ஐந்து வாரம் தாமதம். தாமதத்துக்கு ‘எல்.டி.’ பிடிப்பார்கள், வாரத்துக்கு அரை சதவீதம் என்பது பரவலான விகிதம். முழு மதிப்பின் மேலேயே பிடித்தாலும் இரண்டரை சதவீதம், ஒரு லட்சம் ரூபாய். இந்த வேலையில் ஏழு சதவீதம் லாபம் நின்றால் 2 லட்சத்து 80 ஆயிரம். எல்.டி. போக இன்னும் கையில் நிற்கிறதே!

மேற்பார்வை பார்க்கிறவர் முதலாளியிடம் இதைத்தான் சொல்வார்: “அண்ணே, எல்.டி. போனாலும் நமக்கு நிக்குதுண்ணே. எடுத்துப் போட்டுருவோம்.”

“பணம் நிக்கும்டா. ரேட்டிங் நிக்காது.”

முதலாளி சொல்வது சரி. பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு சப்ளையருக்கும் மதிப்பெண் போட்டு வைத்திருக்கும்: தரம், விலை, குறித்த நாளில் அனுப்புவது. ஐந்து வாரத் தாமதம் இந்த மூன்றாவதைச் சாப்பிட்டுவிடும். மதிப்பெண் ஓர் அளவுக்குக் கீழே போனால் அடுத்த அழைப்புகள் குறையும். வெளியே வேறு பட்டறையில் கொடுத்து வாங்கலாமே என்றால், பல ஒப்பந்தங்களில் வாங்குகிறவரின் அனுமதி இல்லாமல் அது முடியாது; வெல்டர்களின் தகுதிச் சான்று தொடங்கி ஆய்வு வரை எல்லாம் பதிவான பட்டறையின் பெயரில் இருக்கும். ஆக, இந்த வேலையை எடுத்துத் தாமதிப்பதைவிட மறுத்து எழுதுவதே பட்டியலில் பெயரைக் காப்பாற்றும். மறுப்புக்கு மதிப்பெண் குறைப்பது வழக்கமில்லை. தாமதத்துக்குக் குறைப்பது நிச்சயம்.

முடிவு செய்துவிட்டால் எழுதுவதைத் தள்ளிப்போடக் கூடாது. என்கொயரி வந்த மூன்று நாலு நாளிலேயே அனுப்பினால், வாங்குகிறவர் பட்டியலில் இருந்து இன்னொருவரை அழைக்கலாம். பலரும் அவகாசம் போதாது என்று எழுதியிருந்தால் கடைசி நாளைத் தள்ளிவைக்கலாம். 18-ஆம் தேதி மூன்று மணிக்கு, உறை பிரித்த பிறகு போகும் கடிதம் கோப்பில் சேரும், அதற்குமேல் உதவாது. கடிதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் போகும். தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

“பொருள்: டக்ட் பேனல் 36 டன், தங்கள் என்கொயரி எண் …, நாள் …, கடைசி நாள் 18. விலைப்புள்ளி அளிக்க இயலாமை குறித்து.

மேற்கண்ட என்கொயரி கிடைத்தது. அழைத்தமைக்கு நன்றி. வரைபடங்களையும் நிபந்தனைகளையும் பார்த்தோம். இது நாங்கள் வழக்கமாகச் செய்யும் வேலையே. ஆனால் தற்போது ஒப்புக்கொண்டுள்ள ஆர்டர்கள் ஒன்பது வாரங்களுக்கு இருப்பதால், தாங்கள் கேட்டுள்ள பத்து வாரத்தில் முடித்துத் தர இயலாது. ஆகவே இந்த என்கொயரிக்கு விலைப்புள்ளி அளிக்கவில்லை.

பத்தாவது வாரத்திலிருந்து எங்களிடம் வாரத்துக்கு 6 டன் அளவுக்கு இடம் இருக்கும். எங்கள் வெண்டார் எண் … இதே பொருள் பிரிவில் தொடரவும், இனி வரும் என்கொயரிகளை எங்களுக்கு அனுப்பவும் கேட்டுக்கொள்கிறோம். இக்கடிதம் கிடைத்ததைத் தெரிவித்தால் நன்றி.”

இதில் உயிர்நாடியான இடங்கள் இரண்டு. முதலாவது, காரணம். ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்று எழுதுவது நம்மவர்களுக்குக் கைவந்த கலை. கல்யாணத்துக்குப் போகாததற்கு அது போதும், இங்கே போதாது. காரணம் தெரிந்தால்தான் அதிகாரி உங்களை எந்தக் கட்டத்தில் வைப்பது என்று முடிவு செய்வார். இடமில்லை என்றால் அது தற்காலிகம். எப்போது இடம் வரும் என்று சொல்லிவிட்டால் அவருக்கும் திட்டமிட வசதி. இந்தப் பொருளையே நாங்கள் செய்வதில்லை என்றால், பட்டியலில் உங்கள் பெயர் தவறான பிரிவில் இருக்கிறது. அதைத் திருத்தச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஆண்டு முழுக்க மறுத்துக்கொண்டே இருப்பீர்கள். வரையறை ஒரே பிராண்டுக்குப் பொருந்துகிற மாதிரி இருக்கிறது என்பது காரணமானால், ரிக்ரெட் லெட்டர் வரை காத்திருக்காதீர்கள். டெண்டரில் சந்தேகம் கேட்பதற்கு என்று ஒரு தேதி கொடுத்திருப்பார்கள். அதற்குள் கேள்வியாக அனுப்பினால் திருத்தம் வெளியிட வாய்ப்பிருக்கிறது. மறுப்பாக அனுப்பினால் அது வெறும் குறை.

இரண்டாவது, கடைசிப் பத்தியில் வெண்டார் எண்ணோடு சொல்லும் கோரிக்கை. இதை விட்டுவிட்டு மறுப்பை மட்டும் எழுதுகிறவர்கள்தான் அதிகம். அமெரிக்காவில் பல உள்ளாட்சி அமைப்புகள் டெண்டரோடு ஒரு மறுப்புப் படிவத்தையே வைத்து அனுப்புகின்றன. காரணங்களுக்கு எதிரே கட்டங்கள். டிக் அடித்தால் போதும். பட்டியலிலிருந்து எங்கள் பெயரை எடுத்துவிடுங்கள் என்பதற்கும் அதில் ஒரு கட்டம் இருப்பதுண்டு. அவசரத்தில் கட்டம் மாறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எழுதக் கூடாதவை சில இருக்கின்றன. விலை எழுதக் கூடாது. ‘செய்திருந்தால் டன்னுக்கு இவ்வளவு ஆகியிருக்கும்’ என்று தோராயமாகக்கூட வேண்டாம். மூடிய உறையில் விலை கேட்கும் டெண்டரில், திறந்த கடிதத்தில் ஓர் எண் போவது மற்றவர்களின் விலையையும் பாதிக்கும். கடிதத்தை விலைப்புள்ளியாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்ற குழப்பமும் வரும். வாங்குகிறவரின் பணம் தாமதமாக வருகிறது என்ற ஆத்திரத்தை இதில் கொட்டவும் வேண்டாம். பணப்பட்டுவாடா நிபந்தனைதான் உண்மையான காரணம் என்றால், எத்தனை நாள் கடன் உங்களுக்குக் கட்டுப்படியாகும் என்று ஒரு வரியில் எழுதுங்கள்.

இன்னொன்று, கடிதத்துக்கு வெளியே நடப்பது. எதிர்வீட்டுப் பட்டறைக்காரர் டீக்கடையில் கேட்பார், “இந்தத் தடவை நீங்க போடுறீங்களா?” என்று. இல்லை என்று சொன்னால் என்ன குற்றம் என்று தோன்றும். பிரிட்டன் வழக்கை நினைத்துப் பாருங்கள். யார் போடவில்லை என்று தெரிந்தவர் தன் விலையை ஏற்றலாம். நீங்கள் மறுத்தது வாங்குகிறவருக்கு மட்டும் தெரிய வேண்டிய செய்தி. கடிதத்தின் நகலை வேறு யாருக்கும் அனுப்பாமல் இருப்பதும் இதில் சேர்த்தி.

இப்போது பல நிறுவனங்கள் கடிதத்தைப் பார்ப்பதற்கு முன் திரையைப் பார்க்கின்றன. எஸ்.ஏ.பி.யின் டெண்டர் மென்பொருளில் அழைப்பைத் திறந்தால் Participate, Do Not Participate, Tentative என்று பொத்தான்கள் இருக்கும். அரிபாவில் Intend to Respond, Decline to Respond. மின்னஞ்சலில் அருமையாகக் கடிதம் எழுதிவிட்டு இந்தப் பொத்தானை அழுத்தாமல் விட்டால், மென்பொருளின் கணக்கில் நீங்கள் பதில் சொல்லாதவர். ஆண்டு முடிவில் பட்டியலைச் சுத்தம் செய்கிறவர் பார்ப்பது அந்தக் கணக்கைத்தான். எனவே பொத்தானையும் அழுத்த வேண்டும், கடிதத்தையும் ஏற்ற வேண்டும், திரையைப் படம் பிடித்தும் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெயர் உண்மையில் நிற்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதே பொருளுக்கு அடுத்த என்கொயரி வரவேண்டிய காலத்தில் வந்தால் நிற்கிறது. வரவில்லையென்றால் உடனே நீக்கிவிட்டார்கள் என்று முடிவு கட்டவும் வேண்டாம். பதிவில் இருக்கும் மின்னஞ்சல் முகவரி, போன வருஷம் வேலையை விட்டுப் போன கணக்காளருடையதாக இருக்கும். அழைப்புகள் எல்லாம் அங்கே போய்ப் படிக்கப்படாமல் கிடக்கும். நீங்கள் அறியாமலே மௌனமாக இருந்துகொண்டிருப்பீர்கள். வெண்டார் பதிவுப் பிரிவுக்கு ஒரு கடிதம் போட்டு, பதிவு எந்தத் தேதி வரை செல்லும், எந்தப் பொருள் பிரிவில் இருக்கிறது, எந்த முகவரிக்கு அழைப்பு போகிறது என்ற மூன்றையும் கேட்டு வாங்கிவிடலாம்.

இந்தக் கடிதம் எதையெல்லாம் காப்பாற்றாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆண்டு முழுக்க வரும் அத்தனை அழைப்புக்கும் ரிக்ரெட் எழுதிக்கொண்டிருந்தால், எவ்வளவு பணிவாக எழுதினாலும் ஒருநாள் பெயர் போகும்; அழைப்பு வட்டத்தில் ஓர் இடம் வீணாவதை யாரும் நெடுங்காலம் பொறுக்கமாட்டார்கள். ரேட் கான்ட்ராக்டில் கையெழுத்திட்டவர் அதன்கீழ் வரும் ஆர்டருக்கு ரிக்ரெட் எழுத முடியாது. விலையை அவர் முன்பே கொடுத்துவிட்டார், அது ஒப்பந்த மீறலில்தான் சேரும். விலையைச் சமர்ப்பித்துவிட்டுக் கடைசி நேரம் தாண்டிய பிறகு வேண்டாம் என்பதும் வேறு. அதற்குப் பெயர் விலைப்புள்ளியைத் திரும்பப் பெறுதல். அங்கே முன்வைப்புத் தொகை பேசும், கடிதம் பேசாது. திறந்த டெண்டருக்கோ, யாரும் உங்களைத் தனியாக அழைக்கவில்லை என்பதால், எதுவும் எழுத வேண்டியதே இல்லை.